கடைக்காரர் முதலில் தேடும் வரி

“1962-ஆம் ஆண்டு, ஒரு சிறு பட்டறையில், இரண்டே இரண்டு லேத் மெஷின்களுடன் எங்கள் பயணம் தொடங்கியது.” கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்கிற ஒரு நடுத்தர நிறுவனம் டீலர்களைத் தேடி அச்சிடும் அழைப்புப் பக்கம் இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நிறுவனரின் படம், அவர் மகன் தொழிலை விரிவாக்கிய கதை, புதிய ஃபவுண்டரி, வாங்கிய விருதுகள். பக்கத்தின் முக்கால் பாகம் இதிலேயே போய்விடும். கடைசிப் பத்தியில்தான் டீலர் தலைகாட்டுவார்: “28 சதவீதம் வரை லாபம், முழுமையான சர்வீஸ் ஆதரவு. விவரங்களுக்கு எங்கள் விற்பனைப் பிரிவைத் தொடர்புகொள்ளவும்.”

இதைப் படிக்கப்போகிறவர் யார்? மணப்பாறையிலோ ஒட்டன்சத்திரத்திலோ பைப், வால்வு, மோட்டார் விற்கும் கடைக்காரர். அவர் கடையில் ஏற்கெனவே இரண்டு கம்பெனி பம்ப் இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றை வைப்பதா வேண்டாமா என்பதுதான் அவர் முன்னால் இருக்கும் கேள்வி. வைத்தால் அவருடைய முதல் முடங்கும், ராக்கில் இடம் போகும், பழுதானால் விவசாயி அவர் கடை வாசலில்தான் வந்து நிற்பார். அதனால் அவர் தேடுவது மூன்றே விஷயங்கள். ஒரு பம்ப் விற்றால் கைக்கு என்ன நிற்கும்? பழுதாகி வந்தால் கம்பெனி என்ன செய்யும்? உள்ளே நுழைய எவ்வளவு பணம் போட வேண்டும்? இந்த வரிசைதான் பக்கத்தின் வரிசையாகவும் இருக்க வேண்டும். கம்பெனியின் கதை அதற்குப் பிறகு வரட்டும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. பத்திகளை வெட்டி மேலும் கீழும் மாற்றி ஒட்டினால் போதும் என்று தோன்றும். செய்துபார்த்தால்தான், வரலாற்றுக்குப் பின்னால் எத்தனை விஷயங்கள் முடிவு செய்யப்படாமல் கிடக்கின்றன என்பது தெரியவரும்.

மார்ஜினை எடுத்துக்கொள்வோம். “28 சதவீதம் வரை லாபம்” என்ற வரியை அப்படியே தூக்கிப் பக்கத்தின் தலையில் வைத்தால் வேலை முடிந்ததா? கடைக்காரர் உடனே கேட்பார்: எதில் 28 சதவீதம்? எம்.ஆர்.பி.யிலா, வாங்கும் விலையிலா, வரியைச் சேர்த்தா, சேர்க்காமலா? இதற்குப் பதில் இல்லாத வரி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒன்றுதான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். எளிதாகப் புரிவதற்காக முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன். ஒரு எச்.பி. ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் பம்ப், எம்.ஆர்.பி. 11,800 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால், வரி போக அதன் மதிப்பு 10,000. கம்பெனி டீலருக்குக் கொடுக்கும் விலை 8,000. அதன் மேல் ஜிஎஸ்டி 1,440. ஆக மொத்தம் 9,440 ரூபாய்க்கு பில் வரும். இந்த 1,440 டீலருக்கு உள்ளீட்டு வரி வரவாகக் கழிந்துவிடும் என்பதால், லாபக் கணக்கில் வரியை இரண்டு பக்கமும் விட்டுவிடலாம். வாங்குவது 8,000, எம்.ஆர்.பி.க்கே விற்றால் கிடைப்பது 10,000. வித்தியாசம் 2,000. வாங்கும் விலையில் பார்த்தால் அது 25 சதவீதம். விற்கும் விலையில் பார்த்தால் 20 சதவீதம். கம்பெனி பெரியதாகத் தெரியும் 25-ஐ எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய்க்கு வாங்கும் டீலருக்கு மட்டும் தரும் 3 சதவீதத்தையும் அதோடு கூட்டி, 28 என்று அச்சிட்டிருக்கிறது.

இப்போது மணப்பாறைக்கு வருவோம். அங்கே எம்.ஆர்.பி.க்கு யாரும் பம்ப் வாங்குவதில்லை. எம்.ஆர்.பி.யில் பத்து சதவீதம் குறைத்து 10,620 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைப்போம். வரி போக 9,000. அடக்கமான 8,000 போனால் 1,000 மிச்சம். பார்சல் ஆபீசிலிருந்து கடைக்கு வந்துசேரும் வரை ஒரு பம்ப்புக்கு 120 ரூபாய் சரக்குக் கூலி. வாடிக்கையாளரை அழைத்துவந்த மெக்கானிக்குக்கு 200. பம்ப் சராசரியாக இரண்டு மாதம் கடையில் நிற்கிறது. கம்பெனி ஒரு மாதம் கடன் தருகிறது. மீதி ஒரு மாதத்துக்கு 9,440 ரூபாய் டீலரின் சொந்தப் பணம். அதற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி போட்டால் சுமார் 95 ரூபாய். இத்தனையும் கழித்தால் கைக்கு நிற்பது 585 ரூபாய். விற்பனை மதிப்பில் ஆறரை சதவீதம். கடை வாடகையும் ஆள் சம்பளமும் இதிலிருந்துதான் போக வேண்டும்.

28-க்கும் ஆறரைக்கும் நடுவில் உள்ள தூரம் கடைக்காரருக்குப் புதிதல்ல. இந்தக் கணக்கை அவர் மனதிலேயே போட்டுவிடுவார். அதனால்தான் 28 என்ற எண்ணைக் கண்டதும் அவருக்கு ஆசை வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. அதே இடத்தில் எம்.ஆர்.பி. 11,800, டீலர் விலை 8,000, ஜிஎஸ்டி 1,440, 30 நாள் கடன், சரக்குக் கூலி யாருடையது என்று ஐந்து விவரங்கள் இருந்தால், தன் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப மீதியை அவரே போட்டுக்கொள்வார். கம்பெனி லாபத்தைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. லாபத்தைக் கணக்கிடத் தேவையான எண்களைக் கொடுத்தால் போதும்.

சரக்குக் கூலியையும் கடன் நாளையும் மார்ஜினை விட்டுப் பிரித்து, பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் போடுவது பெரிய பிழை. அவை மார்ஜினின் பாகங்கள். மேலே சொன்ன கம்பெனி, ஏழு நாளில் பணம் கட்டினால் 2 சதவீதம் கழிவு தருகிறது என்று வையுங்கள். 8,000-இல் 2 சதவீதம் 160 ரூபாய். 30 நாள் பொறுத்துக் கட்டுவதற்குப் பதில் 23 நாள் முன்னதாகக் கட்டுவதால் டீலருக்கு ஆகும் வட்டி, அதே 12 சதவீதக் கணக்கில் சுமார் 71 ரூபாய். ஆக, கையில் பணம் உள்ளவருக்கு ஒரு பம்ப்புக்கு 89 ரூபாய் கூடுதலாக நிற்கும். 585-இல் 89 என்பது சின்னத் தொகை அல்ல. சொந்த முதலில் தொழில் செய்யும் ஒருவருக்கு இந்த ஒரு வரியே அந்தக் கம்பெனியை எடுக்கப் போதுமான காரணம். அது பக்கத்தில் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் இருக்கவே இருக்காது. விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் விற்பனை நிபந்தனை என்ற தலைப்பில் ஒளிந்திருக்கும்.

இந்த இடத்தில் கம்பெனிக்குள்ளிருந்து இரண்டு தடைகள் வரும். ஒன்று, “விலையை அச்சில் போட்டால் போட்டிக் கம்பெனி பார்த்துவிடும்.” பார்க்கத்தான் செய்யும். ஆனால் டீலர் விலைப்பட்டியல் கைமாறாத ஊர் எது? இரண்டு கம்பெனி பம்ப் விற்கும் கடைக்காரரின் மேஜை டிராயரில் இரண்டு பட்டியலும் இருக்கின்றன. இரண்டு கம்பெனியின் ஆட்களும் அந்தக் கடையில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறார்கள். அப்படியும் தயக்கம் தீரவில்லை என்றால், எல்லா மாடல்களின் விலையையும் போட வேண்டாம். “வரி நீங்கிய எம்.ஆர்.பி.யில் 18 முதல் 22 சதவீதம், மாடலைப் பொறுத்து” என்று அடிப்படையைத் தெளிவாகச் சொல்லி, அதிகம் விற்கும் ஒரே ஒரு மாடலுக்கு முழுக் கணக்கையும் காட்டலாம். எல்லையும் எடுத்துக்காட்டும் சேர்ந்து வந்தால் படிப்பவருக்குப் போதும்.

இரண்டாவது தடையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்கும்போதுதான் வெளியே வரும். மார்ஜின் எவ்வளவு என்று விற்பனை மேலாளரைக் கேட்டால் 20 என்பார். கணக்குப் பிரிவு, சில ஊர்களுக்கு சரக்குக் கூலியைக் கம்பெனியே ஏற்பதால் வேறொரு எண்ணைச் சொல்லும். முதலாளியைக் கேட்டால், “பார்ட்டியைப் பொறுத்தது” என்பார். மூன்று பதில்களும் உண்மை. ஆளுக்கொரு விலை என்பதால்தான் பக்கத்தில் எண் இல்லை. எண் இல்லாத வெற்றிடத்தை நிரப்பத்தான் 1962 வந்து முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இதை எழுதுகிறவர் தீர்க்க முடியாது. மூவரையும் ஒரு மேஜையில் உட்காரவைத்து, ஆண்டுக்கு இத்தனை லட்சம் வாங்கினால் இந்த விலை என்று அடுக்குகளை அவர்கள் முடிவு செய்ய வேண்டும். அது முடிந்த பிறகு அந்த வரியை எழுதப் பத்து நிமிடம் ஆகும்.

ஸ்கீம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டு இறுதியில் வெளிநாட்டுச் சுற்றுலா, தங்க நாணயம் என்று அறிவிப்பது இந்தத் துறையில் பழக்கம். 2022 ஜூலை முதல், இப்படித் தொழில் தொடர்பாகக் கொடுக்கும் சலுகைகளின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப்பிடித்தம் வருகிறது. சுற்றுலாவின் மதிப்பு டீலரின் வருமானக் கணக்கிலும் சேரும். அதனால் பாங்காக் படத்தைப் பக்கத்தில் போடுவதானால் இதையும் பக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. சொல்லாமல் விட்டால் டீலரின் ஆடிட்டர் சொல்வார். அப்போது அது கம்பெனி மறைத்த விஷயமாகத் தெரியும்.

அடுத்து ஆதரவு. மார்ஜினாவது ஏதோ ஒரு எண்ணாக வருகிறது. ஆதரவு என்பது வெறும் பெயரடையாகவே வருகிறது: முழுமையான, உடனடியான, சிறப்பான. மணப்பாறைக் கடைக்காரருக்கு இதன் பொருள் என்ன என்று பார்க்க, பம்ப் பழுதாகி வரும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்.

சித்திரை மாதம். கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரத்தில் ஐந்து எச்.பி. த்ரீஃபேஸ் சப்மெர்சிபிள் நின்றுவிட்டது. ஆள் வைத்து, போர்வெல்லிலிருந்து பைப்போடு தூக்கிப் பார்த்தால் காயில் எரிந்திருக்கிறது. வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. விவசாயி வாரண்டி கேட்கிறார். எரிந்ததற்கு யார் பொறுப்பு என்பதை மோட்டாரைத் திறந்தால் ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். மூன்று ஃபேஸ் காயில்களும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் தாழ்வழுத்தமோ அதிகச் சுமையோ காரணமாக இருக்கலாம். ஸ்டார் இணைப்பில் இரண்டு ஃபேஸ் எரிந்து ஒன்று மட்டும் நன்றாக இருந்தால், அல்லது டெல்டா இணைப்பில் ஒன்று மட்டும் எரிந்து இரண்டு நன்றாக இருந்தால், ஒரு ஃபேஸ் இல்லாமல் மோட்டார் ஓடியிருக்கிறது. இவையெல்லாம் வாரண்டியில் வராது என்றுதான் பொதுவாகக் கம்பெனிகள் எழுதிவைக்கின்றன. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சுற்றுக்குள் ஷார்ட் ஆகி எரிந்திருந்தால் அது வைண்டிங் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது கம்பெனியின் பொறுப்பு.

ஆனால் இதை யார் திறந்து பார்ப்பது, எங்கே, எத்தனை நாளில்? மோட்டாரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி அறிக்கை வர இரண்டு வாரம் என்றால், அந்த இரண்டு வாரமும் கடலைச் செடி காத்திருக்காது. விவசாயி உள்ளூரிலேயே காயில் கட்டிக்கொண்டு போய்விடுவார். அடுத்த முறை அந்தக் கம்பெனி பம்ப்பையும், அதை விற்ற கடையையும் தவிர்ப்பார். திருச்சியில் சர்வீஸ் சென்டர் இருந்து, மறுநாளே பார்த்துச் சொல்ல முடியுமென்றால் அதுதான் ஆதரவு. எனவே பக்கத்தில் எழுத வேண்டியது இவைதான்: உங்களுக்கு மிக அருகிலுள்ள சர்வீஸ் சென்டர் எது, பழுதான மோட்டார் அங்கே வந்தால் எத்தனை நாளில் முடிவு சொல்லப்படும், போகவர சரக்குக் கூலி யாருடையது, வாரண்டியில் வந்தால் காயில் கட்டித் தருவீர்களா, மோட்டாரையே மாற்றித் தருவீர்களா, அதுவரை விவசாயிக்கு இரவல் மோட்டார் உண்டா. “இல்லை” என்ற பதில்கூடப் பக்கத்தில் இருக்கலாம். இரவல் மோட்டார் கிடையாது என்று முன்பே தெரிந்த டீலர், அதற்கேற்றபடி வாடிக்கையாளரிடம் பேசிக்கொள்வார்.

வாரண்டியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதைக் கவனிக்காத டீலர் கைப்பணத்தை இழப்பார். “விற்ற நாளிலிருந்து 12 மாதம் அல்லது கம்பெனியிலிருந்து அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், இவற்றில் எது முந்தியதோ அது” என்பது இந்தத் தொழிலில் வழக்கமான ஒரு வாசகம். பம்ப் கோடையில் விற்கும் சரக்கு. ஏப்ரல் மாதத்தில் இறக்கிய ஒரு மோட்டார் அந்தக் கோடையில் விற்காமல், நல்ல மழை பெய்துவிட்டதால் எட்டு மாதம் ராக்கில் நின்று டிசம்பரில் விற்கிறது. விவசாயிக்கு பில்லில் ஒரு வருட வாரண்டி என்று எழுதிக் கொடுத்தாயிற்று. கம்பெனி கணக்கிலோ 18 மாதத்தில் எட்டு போய்விட்டது. மீதி பத்து மாதம்தான். பதினோராவது மாதம் காயில் போனால் அந்தச் செலவு யாருடையது? டீலருடையது. இந்த வாசகம் வைப்பது தவறென்று சொல்லவில்லை. வருடக்கணக்கில் குடோனில் கிடந்த சரக்குக்குக் கம்பெனி பொறுப்பேற்க முடியாது என்பது நியாயமே. ஆனால் அதை ஒப்பந்தத்தின் ஏழாவது பக்கத்தில் வைக்காமல், ஆதரவைப் பற்றிய பகுதியில் “ஆறு மாதத்துக்குள் விற்றுவிட்டால் வாடிக்கையாளருக்கு முழு 12 மாதமும் கிடைக்கும்” என்று எழுதினால், டீலர் ஸ்டாக்கை அதற்கேற்ப வைத்துக்கொள்வார். பழைய சரக்கை முன்னால் எடுத்து விற்பார்.

மூன்றாவது, நிபந்தனைகள். இதை முன்னால் வைக்கக் கம்பெனிகள் பயப்படுகின்றன. முதலில் ஆளை வரவழைப்போம், பணத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது பழைய விற்பனை நம்பிக்கை. அதனால் நடப்பது என்ன? நாற்பது பேர் போன் செய்கிறார்கள். விற்பனை ஆள் ஊர் ஊராகப் போகிறார். மூன்றாவது சந்திப்பில், முதல் ஆர்டர் மூன்று லட்சம், டெபாசிட் ஐம்பதாயிரம் என்று சொல்கிறபோது பெரும்பாலோர் பின்வாங்குகிறார்கள். இரண்டு தரப்பின் நாட்களும் வீணாகின்றன. தொகையை முன்பே சொல்லியிருந்தால் குறைவான பேரே கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் கூப்பிட்டவர்கள் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருப்பார்கள். விசாரணைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து விளம்பரப் பிரிவை மதிப்பிடும் கம்பெனியில் இந்த மாற்றம் தோல்வி போலத் தோன்றும் என்பதால், இதை முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

நிபந்தனையை எழுதும்போது, மேலே கொடுத்த மார்ஜினோடு சேர்த்துப் படிக்கும்படி எழுத வேண்டும். ஆண்டு இலக்கு 12 லட்சம் என்று வைத்தால், 9,440 ரூபாய் பம்ப்பில் அது சுமார் 127 பம்ப். ஒன்றுக்கு 585 என்றால் ஆண்டுக்கு 74,000 ரூபாய் சொச்சம். இதற்காக மூன்றரை லட்சம் முடக்க வேண்டும். ஏற்கெனவே ஓடுகிற கடையில் கூடுதல் வரும்படியாக இது ஏற்கத்தக்கது என்று ஒருவர் நினைக்கலாம். இதற்கென்றே புதுக் கடை திறக்க நினைப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. இருவரும் தாங்களாகவே முடிவெடுக்க அந்த எண்கள் போதும். 25 லட்சம் வாங்கினால்தான் அந்தக் கூடுதல் 3 சதவீதம் என்பதும், அதற்கு 265 பம்ப் விற்க வேண்டும் என்பதும் இங்கேதான் தெளிவாகும். மணப்பாறை போன்ற ஊரில், மூன்று கம்பெனியைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு கடையில், ஒரு கம்பெனி மட்டும் அத்தனை விற்குமா என்பதை நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

டெபாசிட்டுக்கு வட்டி உண்டா, டீலர்ஷிப்பை விட்டால் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும், விற்காத சரக்கைக் கம்பெனி திரும்ப எடுக்குமா, எடுத்தால் எந்த விலைக்கு, அதே தெருவில் இன்னொருவருக்கும் டீலர்ஷிப் கொடுப்பீர்களா: வெளியேறும் வழியைப் பற்றிய இந்தக் கேள்விகளை நுழைகிற நாளில் யாரும் பேச விரும்புவதில்லை. ஆனால் அனுபவமுள்ள கடைக்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். பழைய மாடல் சரக்கு ராக்கில் தங்கி, கம்பெனி கைவிட்டுவிட்ட அனுபவம் இல்லாத கடை குறைவு.

ஒரு நிபந்தனையை மட்டும் எழுதுவதற்கு முன்னால் வழக்கறிஞரைக் கேட்டாக வேண்டும். “கம்பெனி சொல்லும் விலைக்குக் குறைவாக விற்கக்கூடாது” என்று சில பக்கங்களில் பெருமையோடு போட்டிருப்பார்கள், விலைப் போட்டியிலிருந்து டீலரைக் காப்பதாக நினைத்து. இப்படி மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்துவது சந்தைப் போட்டியைக் கணிசமாகப் பாதிக்குமானால் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது. டீலர்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதாகச் சொல்லி, இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் மாருதி சுசூகி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. நடுத்தர பம்ப் கம்பெனிக்கும் அதே அளவு ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனாலும், அச்சில் போட்டுவிட்ட வரியைப் பிறகு மறுக்க முடியாது.

இவ்வளவும் எழுதிய பிறகு, பக்கத்தின் மேல்பாதி இப்படி இருக்கும்:

“ஒரு எச்.பி. ஓப்பன்வெல் சப்மெர்சிபிள்: எம்.ஆர்.பி. ரூ.11,800. உங்கள் விலை ரூ.8,000, ஜிஎஸ்டி ரூ.1,440, மொத்தம் ரூ.9,440. பார்சல் கூலி உங்களுடையது. ஒரே பில்லில் இருபது பம்ப்புக்கு மேல் எடுத்தால் எங்களுடையது. 30 நாள் கடன். ஏழு நாளில் செலுத்தினால் 2 சதவீதக் கழிவு. ஆண்டுக்கு ரூ.25 லட்சத்துக்கு மேல் வாங்கினால் மேலும் 3 சதவீதம்.

பழுதாகி வரும் மோட்டாரை திருச்சி சர்வீஸ் சென்டரில் இரண்டு வேலைநாளில் திறந்து பார்த்து, வாரண்டி உண்டா இல்லையா என்று எழுத்தில் சொல்வோம். வாரண்டி: விற்ற நாளிலிருந்து 12 மாதம், எங்களிடமிருந்து அனுப்பிய நாளிலிருந்து 18 மாதத்துக்கு மேல் போகாது. ஃபேஸ் இல்லாமல் ஓடியது, தண்ணீர் இல்லாமல் ஓடியது ஆகியவற்றுக்கு வாரண்டி இல்லை.

தேவை: ஜிஎஸ்டி பதிவு, ரூ.3 லட்சம் முதல் ஆர்டர், ரூ.50,000 டெபாசிட். விலகினால் டெபாசிட் 60 நாளில் திரும்பும். ஒரு வருடத்துக்குள் வாங்கிய, பெட்டி பிரிக்காத சரக்கை வாங்கிய விலையில் 90 சதவீதத்துக்குத் திரும்ப எடுப்போம்.”

அலங்காரம் எதுவும் இல்லை. முதலாளி பார்த்தால், “நம்மைப் பற்றி ஒன்றுமே இல்லையே” என்று வருத்தப்படுவார். அந்த வருத்தத்தைத் தள்ளிவிடக்கூடாது. கோவையின் பம்ப் தொழிலுக்கு உண்மையிலேயே பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கியதும், ஆழக் கிணறுகளும் நெசவாலைகளும் நிறைந்த இந்த வட்டாரத்தில் மோட்டாருக்குத் தேவை பிறந்தது. 1930-களிலேயே இங்கு மோட்டார்கள் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அந்த மரபில் ஒரு பட்டறையைத் தொடங்கி அறுபது ஆண்டு நடத்துவது சாதாரணக் காரியமல்ல. கேள்வி, அந்த அறுபது ஆண்டு டீலருக்கு எதை உறுதி செய்கிறது என்பதுதான்.

வரலாற்றை ஒட்டுமொத்தமாகக் கீழே தள்ளுவதைவிட, அதைப் பிரித்து, எந்தக் கூற்றுக்கு அது சான்றாகிறதோ அதன் அருகில் வைப்பதே சரியான வழி என்பது என் கருத்து. இருபது ஆண்டுக்கு முன் விற்ற மாடலுக்கும் இம்பெல்லரும் புஷ்ஷும் ஷாஃப்டும் இன்றும் ஸ்டாக்கில் உண்டு என்றால், அது பழைய கம்பெனியால் மட்டுமே சொல்ல முடிந்த வரி. அதன் இடம் ஆதரவுப் பகுதி. போர்வெல் சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 8034, ஓப்பன்வெல்லுக்கு ஐ.எஸ். 14220 தரத்தின்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருந்தால், அதை விருதுகளோடு சுவரில் மாட்டாமல், விலையின் அருகில் போட வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள மோட்டார்தான் வேண்டும் என்று கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் டீலர் காட்டப்போவது அதைத்தான். சொந்த ஃபவுண்டரி இருப்பதால் கோடையில் சப்ளை தடைபடாது என்றால், ஆர்டர் போட்ட எத்தனை நாளில் சரக்கு வரும் என்று எழுதி, காரணமாக ஃபவுண்டரியைச் சொல்லலாம். இப்படி எடுத்த பிறகும் மிஞ்சுவது நிறுவனரின் பெயர், தொடங்கிய ஆண்டு, ஊர். அதற்குப் பக்கத்தின் அடியில் நான்கு வரி போதும். கணக்கில் திருப்தியடைந்து அங்கே வந்துசேர்ந்தவர் அதை விருப்பத்தோடு படிப்பார்.

பக்கம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கம்பெனியோடு தொடர்பில்லாத ஒரு ஹார்டுவேர் கடைக்காரரிடம் தாளைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் திருப்பி வாங்கிக்கொண்டு கேளுங்கள்: எவ்வளவு முதல் போட வேண்டும், ஒரு பம்ப்புக்கு என்ன நிற்கும், காயில் எரிந்தால் எங்கே போவீர்கள்? பதில் சொல்லத் தடுமாறினால், எந்தக் கேள்வியில் தடுமாறினாரோ அந்தப் பகுதியைத் திரும்ப எழுத வேண்டும். அச்சாகி வெளியே போன பிறகு, வரும் போன்களைக் கவனிக்கலாம். “மார்ஜின் எவ்வளவு தருவீங்க?” என்பதே இன்னமும் முதல் கேள்வியாக வந்தால், எண் தெளிவாக இல்லை என்று பொருள். “எங்க ஊருக்கு ஏற்கெனவே யாராவது இருக்காங்களா?”, “இருபது பம்ப்பையும் ஒரே மாடலா எடுக்கணுமா?” என்று கேட்கிறார்கள் என்றால், அவர்கள் பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டு, அதில் இல்லாததைக் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் அந்தக் கேள்விகளை அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம்.

எண்களை முன்னால் வைத்த பக்கத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு: அது சீக்கிரம் பழசாகும். “1962-இல் தொடங்கினோம்” என்பது என்றைக்கும் மாறாது. 8,000 ரூபாய் என்பது செம்பு விலை ஏறினால் மாறிவிடும். மோட்டாரின் அடக்க விலையில் காயில் கம்பியின் பங்கு பெரிது என்பதால் பம்ப் கம்பெனிகள் ஆண்டில் பலமுறை விலைப்பட்டியலைத் திருத்துவது உண்டு. எனவே பக்கத்தில் எந்தத் தேதியிட்ட பட்டியலின்படி இந்த விலை என்று போட வேண்டும்; பட்டியல் மாறுகிற அன்றே பக்கத்தையும் மாற்றுவது யார் வேலை என்று கம்பெனிக்குள் ஒருவர் பெயரைக் குறித்துவைக்க வேண்டும். விளம்பரப் பிரிவைவிடக் கணக்குப் பிரிவில் உள்ளவர் இதற்குப் பொருத்தம், புதிய விலை முதலில் அவர் மேஜைக்குத்தான் வரும். டீலர் கையெழுத்திடப்போகும் ஒப்பந்தத்தையும் அவர் ஒருமுறை பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் 60 நாளில் டெபாசிட் என்றும் ஒப்பந்தத்தில் 180 நாள் என்றும் இருந்தால், மாற்ற வேண்டியது எது என்பதை முதலாளி முடிவு செய்த பிறகுதான் தாள் அச்சுக்குப் போக வேண்டும்.